கேட்டைத் திறக்காமல் கதவைத் திறக்க முடியுமா? (g∘f)⁻¹ = f⁻¹∘g⁻¹ என்பதன் நிரூபணம்

ஊருக்குக் கிளம்பும்போது முதலில் வீட்டுக் கதவைப் பூட்டுகிறோம். அப்புறம் வாசலைத் தாண்டி வந்து கேட்டைப் பூட்டுகிறோம். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தால் முதலில் திறக்க வேண்டியது கேட். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றால் கதவு எட்டாது. கடைசியாகப் பூட்டியது முதலில் திறக்கப்பட வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இதே சங்கதி கணக்குப் புத்தகத்தில் இரண்டு சார்புகளின் சேர்க்கைக்கு நேர்மாறு காணும் விதியாக, (g∘f)⁻¹ = f⁻¹∘g⁻¹ என்று வரும்போது மட்டும் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது. தேர்வில் வலப்பக்கத்தில் g⁻¹∘f⁻¹ என்று எழுதிவிடுகிறார்கள். கேட்டும் கதவும் மனத்தில் நிற்க உதவும், ஆனால் அது நிரூபணம் ஆகாது. நிரூபணத்தைக் கடைசி வரி வரை பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு தேர்வு அறைக்குள் போய்வரலாம். அறையில் மூன்றே பிள்ளைகள்: முல்லை, குமரன், பாரி. ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் உண்டு. முல்லைக்கு 101, குமரனுக்கு 102, பாரிக்கு 103. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் இந்தச் சார்பை f என்போம். அறை வாசலில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறது. 101க்கு நடு இருக்கை, 102க்குக் கதவோர இருக்கை, 103க்கு ஜன்னலோர இருக்கை. எண்ணைக் கொடுத்தால் இருக்கையைத் தரும் இது g.

குமரன் எங்கே உட்கார வேண்டும்? f குமரனை 102க்குக் கொண்டுபோகிறது, g அந்த 102ஐக் கதவோரத்துக்குக் கொண்டுபோகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதுதான் g∘f என்ற சேர்க்கை. g(f(குமரன்)) = கதவோரம்.

இங்கேயே ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். g∘f என்று எழுதினாலும் முதலில் வேலை செய்வது f. ஏனென்றால் அதன் பொருள் g(f(x)). x-ஐ ஒட்டி உள்ளே இருப்பது f. எழுத்து இடமிருந்து வலம் போகிறது, வேலையோ வலமிருந்து இடம் வருகிறது. இந்தப் பாடத்தில் வரும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்தக் குறியீட்டால் வருவதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, தேர்வு முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். கதவோர இருக்கையில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கிடக்கிறது. யாருடையது? கண்காணிப்பாளர் என்ன செய்வார்? முதலில் வாசலில் ஒட்டிய தாளைப் பார்த்துக் கதவோரம் என்றால் 102 என்று அறிவார். அது g⁻¹. பிறகு பெயர்ப் பட்டியலில் 102 யார் என்று பார்த்துக் குமரன் என்று கண்டுபிடிப்பார். அது f⁻¹. ஆக, இருக்கையிலிருந்து பெயருக்குப் போகும் வழி f⁻¹(g⁻¹(கதவோரம்)) = குமரன்.

இப்போது தவறான வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் f⁻¹ஐப் பயன்படுத்த வேண்டும். ஆனால் f⁻¹க்குப் பதிவு எண் வேண்டும், உங்கள் கையில் இருப்பதோ இருக்கை. பெயர்ப் பட்டியலில் "கதவோரம்" என்ற எண் எங்கே இருக்கிறது? g⁻¹∘f⁻¹ தப்பான விடை தருவது இருக்கட்டும், இங்கே அதற்குப் பொருளே இல்லை. கதவு எட்டாது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இதைப் பொதுவாகச் சொன்னால், f என்பது கணம் Aயிலிருந்து Bக்கும், g என்பது Bயிலிருந்து Cக்கும் போகிறது. எனவே g⁻¹ என்பது Cயிலிருந்து Bக்கு, f⁻¹ என்பது Bயிலிருந்து Aக்கு. Cயிலிருந்து கிளம்பி Aக்கு வந்து சேர வேண்டுமென்றால் இடையில் Bயில் இறங்கித்தான் ஆக வேண்டும், வேறு தடம் இல்லை. விதி மறந்துபோனால் A, B, C என்று மூன்று வட்டம் வரைந்து அம்புக்குறிகளைத் திருப்பிப் பாருங்கள், விடை தானாக வந்துவிடும்.

ஆனால் A, B, C மூன்றும் ஒரே கணமாக இருந்தால் இந்த எச்சரிக்கை மணி அடிக்காது. உதாரணமாக எல்லாமே மெய்யெண்கள் என்றால் எந்த வரிசையில் எழுதினாலும் ஏதோ ஒரு விடை வரும். அங்கேதான் ஆபத்து. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். முதலில் 1.8ஆல் பெருக்குகிறோம், பிறகு 32ஐக் கூட்டுகிறோம்.

```
f(x) = 1.8x
g(x) = x + 32
(g∘f)(x) = 1.8x + 32
```

37 டிகிரி செல்சியஸ் 66.6 ஆகி, 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் ஆகிறது. நாம் எல்லோரும் காய்ச்சல் பார்க்கும்போது மனத்தில் வைத்திருக்கும் எண் அது. இப்போது 98.6லிருந்து திரும்பி வர வேண்டும். சரியான வரிசையில் கடைசியாகக் கூட்டிய 32ஐ முதலில் கழிக்கிறோம், 66.6 வருகிறது. பிறகு 1.8ஆல் வகுத்தால் 37. இதுவே f⁻¹(g⁻¹(98.6)).

வரிசையை மாற்றினால்? முதலில் 1.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54.78. அதிலிருந்து 32ஐக் கழித்தால் 22.78. நன்றாக இருக்கும் மனிதருக்கு மலைப்பிரதேசத்து மாலை நேர வெப்பநிலை வந்துவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சரியான விடை (y − 32)/1.8, தவறான விடை y/1.8 − 32. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் y அடிபட்டுப் போய், 32 − 32/1.8, அதாவது சுமார் 14.22 என்ற மாறாத எண் மிஞ்சுகிறது. ஆகவே எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் தவறான வரிசை ஏறக்குறைய 14.22 டிகிரி குறைத்தே சொல்லும். தற்செயலாகக்கூட ஒருமுறையும் சரியாக வராது.

உதாரணங்கள் போதும். இரண்டு உதாரணத்தில் சரியாக வந்தது என்பதற்காக எல்லாச் சார்புகளுக்கும் சரி என்று சொல்லிவிட முடியாது. நிறுவ வேண்டியது இது: f: A → B, g: B → C இரண்டும் இருபுறச் சார்புகள் என்றால், g∘f-க்கு நேர்மாறு உண்டு, அது f⁻¹∘g⁻¹ ஆகும்.

இருபுறச் சார்பு என்றால் என்ன என்பதைத் தேர்வு அறையை வைத்தே நினைவுபடுத்திக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு ஒரே எண் கிடையாது, அதாவது ஒன்றுக்கொன்றான சார்பு. யாருக்கும் தராத எண் ஒன்றுகூட மிச்சம் இல்லை, அதாவது மேல் சார்பு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் திரும்பி வரும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர், ஒரே ஒரு பெயர் கிடைக்கும். ஒரே இருக்கையில் இருவர் உட்கார்ந்திருந்தால் ஜாமெட்ரி பாக்ஸ் யாருடையது என்று சொல்ல முடியாது. காலி இருக்கையில் பாக்ஸ் கிடந்தாலும் சொல்ல முடியாது.

முதல் வேலை, g∘f-உம் இருபுறச் சார்புதான் என்று காட்டுவது. பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். g∘f-க்கு நேர்மாறு இருக்கிறதா என்றே தெரியாதபோது (g∘f)⁻¹ என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

ஒன்றுக்கொன்றானதா? g(f(x₁)) = g(f(x₂)) என்று வைத்துக்கொள்வோம். g ஒன்றுக்கொன்றானது, ஆகவே அதன் உள்ளே இருப்பவை சமமாக இருந்தாக வேண்டும்: f(x₁) = f(x₂). f-உம் ஒன்றுக்கொன்றானது, ஆகவே x₁ = x₂. வெங்காயத்தை உரிப்பதுபோல் வெளித்தோல் முதலில், உள்தோல் பிறகு.

மேல் சார்பா? Cயில் ஏதாவது ஓர் உறுப்பு z எடுங்கள். g மேல் சார்பு என்பதால் g(y) = z ஆகும்படி Bயில் ஒரு y இருக்கிறது. f மேல் சார்பு என்பதால் f(x) = y ஆகும்படி Aயில் ஒரு x இருக்கிறது. அப்படியென்றால் g(f(x)) = g(y) = z. முடிந்தது.

இந்த இரண்டாவது பத்தியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். zஇலிருந்து yஐப் பிடித்தோம், அது g⁻¹(z). yஇலிருந்து xஐப் பிடித்தோம், அது f⁻¹(y). நேர்மாறைப் பற்றிப் பேசவே தொடங்காத இடத்தில், மேல் சார்பு என்று காட்டும்போதே f⁻¹(g⁻¹(z)) எட்டிப் பார்த்துவிட்டது.

அடுத்த வேலை, f⁻¹∘g⁻¹ உண்மையிலேயே g∘f-ஐத் திருப்பிவிடுகிறதா என்று சரிபார்ப்பது. ஒரு சார்பையும் அதன் நேர்மாறையும் சேர்த்தால் சமனிச் சார்பு வர வேண்டும். சமனிச் சார்பு என்பது எதைக் கொடுத்தாலும் அதையே திருப்பித் தருவது. Aயில் இருப்பதை I_A என்றும், Bயில் இருப்பதை I_B என்றும், Cயில் இருப்பதை I_C என்றும் எழுதுவோம்.

```
(f⁻¹∘g⁻¹)∘(g∘f)
= f⁻¹∘(g⁻¹∘g)∘f
= f⁻¹∘I_B∘f
= f⁻¹∘f
= I_A
```

இரண்டாவது வரிக்குப் போகும்போது அடைப்புக்குறிகளை நகர்த்தினோம். அது சும்மா செய்ததல்ல. சார்புகளின் சேர்க்கைக்குச் சேர்ப்புப் பண்பு உண்டு என்பதால் செய்தது. நம்பிக்கை வராவிட்டால் ஒரு xஐப் போட்டுப் பாருங்கள். அடைப்புக்குறியை எங்கே வைத்தாலும் கடைசியில் நிற்பது f⁻¹(g⁻¹(g(f(x)))) மட்டும்தான். ஆனால் வரிசையை மாற்றும் உரிமை சேர்ப்புப் பண்பில் கிடையாது. அடைப்புக்குறியை நகர்த்தலாம், எழுத்துகளை இடம் மாற்றக் கூடாது.

g⁻¹-உம் g-யும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால்தான் அடிபட்டுப் போயின. g⁻¹∘f⁻¹∘g∘f என்று எழுதியிருந்தால் நடுவில் f⁻¹-உம் g-யும் முட்டிக்கொண்டு நிற்கும். அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை, அடிபடாது. அங்கே தேக்கம்தான்.

மறுபக்கமும் பார்த்துவிடுவோம்.

```
(g∘f)∘(f⁻¹∘g⁻¹)
= g∘(f∘f⁻¹)∘g⁻¹
= g∘I_B∘g⁻¹
= g∘g⁻¹
= I_C
```

ஒரு பக்கம் காட்டினால் போதாதா, மறுபக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. g∘f இருபுறச் சார்பு என்று முன்பே காட்டிவிட்டதால், இங்கே ஒரு பக்கத்தை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பொதுவாக ஒரு பக்கம் மட்டும் பார்ப்பது ஏமாற்றிவிடும். 1, 2, 3, … என்ற இயல் எண்களில் p(n) = n + 1 என்று எடுங்கள். q என்பது ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கழிப்பது. 1ஐக் கொடுத்தால் மட்டும் 1ஐயே தருவது. முதலில் p, பிறகு q செய்தால் எந்த எண்ணும் பழையபடி வந்துவிடும். q(p(n)) = n. ஆனால் முதலில் q செய்தால்? q(1) = 1, p(1) = 2. 1ஐக் கொடுத்தோம், 2 வந்தது. ஆக ஒரு பக்கம் சமனிச் சார்பு வந்தும் q என்பது pயின் நேர்மாறு இல்லை. p மேல் சார்பு அல்ல, 1 என்ற எண்ணை அது தொடுவதே இல்லை. அதனால் அதற்கு நேர்மாறே கிடையாது. இரு பக்கமும் எழுதிவிடுவதுதான் நிம்மதி.

மூன்றாவதாக ஒரு சின்ன ஓட்டை மிச்சம் இருக்கிறது. f⁻¹∘g⁻¹ என்பது g∘f-க்கு ஒரு நேர்மாறு என்று காட்டினோம். வேறொரு நேர்மாறும் இருந்துவிட்டால்? அப்போது (g∘f)⁻¹ என்ற குறி எதைச் சுட்டுகிறது என்று தெரியாமல் போகும். சுருக்கத்துக்காக g∘f-ஐ s என்றும் f⁻¹∘g⁻¹-ஐ h என்றும் அழைப்போம். k என்று இன்னொரு நேர்மாறு இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
k = k∘I_C
  = k∘(s∘h)
  = (k∘s)∘h
  = I_A∘h
  = h
```

அந்த இன்னொன்றும் இதுவேதான். ஆகவே (g∘f)⁻¹ = f⁻¹∘g⁻¹. நிரூபணம் முடிந்தது.

இவ்வளவு நீட்டாமல் நாலே வரியில் முடிக்கவும் வழி இருக்கிறது. f, g, g∘f மூன்றும் இருபுறச் சார்புகள் என்று தெரிந்த பிறகு, Cயில் ஏதேனும் ஒரு zஉம் Aயில் ஏதேனும் ஒரு xஉம் எடுத்துக்கொண்டு,

```
x = (g∘f)⁻¹(z)
⇔ g(f(x)) = z
⇔ f(x) = g⁻¹(z)
⇔ x = f⁻¹(g⁻¹(z))
```

முதல் அம்பு நேர்மாறின் வரையறை, இரண்டாவது g-இன் நேர்மாறு, மூன்றாவது f-இன் நேர்மாறு. எனக்குப் பிடித்தது இதுதான். ஜாமெட்ரி பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் நடந்த வழியும் வரிக்கு வரி இதுவே. ஆனால் தேர்வில் எழுதும்போது, மூன்றும் இருபுறச் சார்புகள் என்பதை முதலில் நிறுவிவிட்டுத்தான் இந்த நாலு வரிக்கு வர வேண்டும்.

மூன்று சார்புகள் வந்தால் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். இங்கே h என்பது முன்பு வந்த f⁻¹∘g⁻¹ அல்ல, Cயிலிருந்து கிளம்பும் மூன்றாவது இருபுறச் சார்பு. h∘g∘f என்பதை h∘(g∘f) என்று பாருங்கள். விதியை ஒருமுறை போட்டால் (g∘f)⁻¹∘h⁻¹, இன்னொரு முறை போட்டால் f⁻¹∘g⁻¹∘h⁻¹. பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளுக்கு வரும் (AB)⁻¹ = B⁻¹A⁻¹ என்பதும் இதே கதைதான். அணிகளின் பெருக்கல் என்பது அவை குறிக்கும் சார்புகளின் சேர்க்கை. அங்கும் நிரூபணத்தில் நடு இரண்டு எழுத்துகள்தான் அடிபடும்.

சில வேளைகளில் தவறான வரிசையும் சரியான விடை தந்து ஏமாற்றும். f(x) = x + 3, g(x) = x + 5 என்றால் எதை முதலில் கழித்தாலும் ஒன்றுதான். f-உம் g-யும் ஒரே கணத்தில் வேலை செய்து, g∘f = f∘g என்றும் இருந்தால் மட்டுமே எதைக் கொடுத்தாலும் இப்படி நடக்கும். விதியைச் சோதித்துப் பார்க்க இப்படிப்பட்ட சோடியை எடுத்தால் உங்கள் தவறு உங்களுக்கே தெரியாது. ஒன்று கூட்டலாகவும் மற்றது பெருக்கலாகவும் இருக்கும்படி எடுங்கள்.

கடைசியாக ஒரு பொறி. g∘f இருபுறச் சார்பு என்று மட்டும் கொடுத்திருந்தால் f-உம் g-யும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேர்வு அறைக்கே திரும்புவோம். இந்த முறை முல்லை மட்டும்தான் எழுதுகிறாள், இருப்பதும் ஒரே இருக்கை. பதிவு எண்கள் மட்டும் இரண்டு, 101, 102. முல்லைக்கு 101. வாசலில் ஒட்டிய தாளிலோ 101, 102 இரண்டுக்கும் அதே இருக்கை. முல்லையிலிருந்து இருக்கைக்குப் போகும் g∘f-க்கு நேர்மாறு உண்டு. ஒரே இருக்கை, ஒரே ஆள். ஆனால் 102 யாருடைய எண் என்று கேட்டால் f-இடம் பதில் இல்லை. இருக்கைக்கு உரிய எண் எது என்று கேட்டால் g இரண்டைக் காட்டுகிறது. f⁻¹-உம் இல்லை, g⁻¹-உம் இல்லை. இங்கே (g∘f)⁻¹ என்று எழுதலாம், f⁻¹∘g⁻¹ என்று எழுத முடியாது. இந்தச் சூழலில் பொதுவாக உறுதியாகச் சொல்லக்கூடியது, f ஒன்றுக்கொன்றானது, g மேல் சார்பு என்பது மட்டும்தான். அது ஏன் என்று நிறுவ மேலே வெங்காயம் உரித்த பத்தியையும் அதற்கு அடுத்த பத்தியையும் பின்னோக்கிப் படித்தால் போதும்.